அளவெடுக்க முடியாத ஆளுக்குச் சேட் வாங்குவது எப்படி

தீபாவளிக்கோ பிறந்தநாளுக்கோ ஒருவருக்குச் சொல்லாமல் சேட் வாங்கிக் கொடுக்க நினைத்து யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் போனால், கடையில் நிற்கும் தம்பி கேட்கும் முதல் கேள்வி "என்ன சைஸ் அக்கா?" என்பதுதான். அந்த இடத்தில் பலரும் கையை விரித்துக் காட்டி, "ஓரளவு உடம்பு, என்னைவிடக் கொஞ்சம் உயரம்" என்கிறார்கள். அவரும் தன் அனுபவத்தில் ஒரு 42ஐ எடுத்துப் போடுகிறார். அது வீட்டுக்குப் போய், வயிற்றடியில் தெறி பூட்ட முடியாமல், ஒரு நாளும் போடாத உடுப்பாக அலுமாரிக்குள் கிடக்கிறது. வாங்கிக் கொடுத்தவருக்கு மனவருத்தம் வரக்கூடாதென்று போடுபவர் அதைச் சொல்வதும் இல்லை, அதனால் அடுத்த வருசமும் அதே அளவில் இன்னொன்று போகிறது.

இதைத் தவிர்க்க அவருடைய உடம்பை அளக்கத் தேவையில்லை. அவர் விரும்பிப் போடும் ஒரு சேட்டின் அகலம் தெரிந்தால் போதும், கடைச் சேட்டை அதோடு ஒப்பிட்டு எடுத்துவிடலாம். துணியைத் துணியோடு ஒப்பிடுங்கள், லேபிளை நம்பி எடுக்காதீர்கள். தையல்காரரிடம் போகும்போது அளவுச் சட்டை ஒன்றைக் கொண்டுபோகிறோமே, அதே வேலையைத்தான் இங்கே ரெடிமேட் கடையில் செய்யப் போகிறோம்.

லேபிள் ஏன் போதாது

நம்மூர்க் கடையில் ஒரே தட்டில் அடுக்கி வைத்திருக்கும் சேட்டுகளில் மூன்று விதமான எண் முறைகள் கலந்து கிடக்கும். இலங்கையில் உள்ளூர்ச் சந்தைக்குத் தைக்கும் ஒஃபிஸ் சேட்டுகளில் 15, 15½, 16 என்று இருந்தால் அது கொலரின் சுற்றளவு, அங்குலத்தில். இந்தியாவிலிருந்து வருபவற்றில் 38, 40, 42, 44 என்று இருக்கும், அதைக் கடைக்காரர்கள் நெஞ்சளவு என்று சொல்லி விற்பார்கள், ஆனால் அது உடம்பின் நெஞ்சா சேட்டின் நெஞ்சா என்பது தைத்த கம்பனிக்குக் கம்பனி மாறும். மூன்றாவது, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சி வரும் உடுப்புகள். இவற்றில் எஸ், எம், எல் என்றுதான் இருக்கும், ஐரோப்பிய அமெரிக்க உடம்புக்கு வெட்டியவை என்பதால் அங்கத்தைய எம் இங்கத்தைய எல்லுக்குக் கிட்ட வரும், கையும் நீளமாக இருக்கும். போதாததற்கு ஒரே எண்ணிலேயே உடம்போடு ஒட்டி நிற்கும் ஸ்லிம் வெட்டும், தாராளமான சாதாரண வெட்டும் தனித்தனியாக வரும். இரண்டுக்கும் நெஞ்சுச் சுற்றில் இரண்டு மூன்று அங்குலம்கூட வித்தியாசம் இருக்கும். ஆகவே "அவருக்கு 42" என்று யாராவது அடித்துச் சொன்னாலும் அதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சேட்டை அளப்பது

வீட்டில் இருக்கிற ஏதோ ஒன்றை அளந்தால் சரிவராது. கலியாணத்துக்கு எடுத்தது, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, இதெல்லாம் அவருக்குப் பொருந்துகிறது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தோய்த்துக் காய்ந்ததும் திரும்பவும் எடுத்துப் போடுகிற சேட் ஒன்று எல்லோரிடமும் இருக்கும், கொலர் மடிப்பு கொஞ்சம் தேய்ந்திருக்கும், நிறமும் மங்கியிருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது. அதோடு கடந்த ஒரு வருசத்துக்குள் அவர் அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் ஐந்து வருசத்துக்கு முந்திய சேட் ஐந்து வருசத்துக்கு முந்திய வயிற்றைத்தான் சொல்லும்.

இன்னொன்று, வாங்கப்போவதும் அளப்பதும் ஒரே வகையாக இருக்கட்டும். ரீசேட் இழுபடும் துணி, அதனால் உடம்பைவிட இரண்டு மூன்று அங்குலம் கூட இருந்தாலே போதும். நெய்த துணியில் தைத்த சேட் இழுபடாது, அதற்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம்வரை தளர்வு வேண்டும். ரீசேட்டை அளந்துவிட்டுச் சேட் எடுத்தால் இறுக்கமாகத்தான் வரும்.

அளக்கும் முறை

சேட்டின் தெறிகளை எல்லாம் பூட்டி, மேசையிலோ கட்டிலிலோ தட்டையாக விரித்துச் சுருக்கத்தைக் கையால் நீவி விடுங்கள், இழுக்க வேண்டாம். நான்கு அளவு போதும்.

முதலாவது நெஞ்சு. கையும் உடம்பும் கமக்கட்டில் சேரும் தையலுக்கு ஒரு அங்குலம் கீழே, ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல்வரை நேராக. இரண்டாவது வயிறு, தொப்புளுக்கு நேரே வரும் தெறியின் மட்டத்தில் அதேபோலக் குறுக்கே. நாற்பது வயது தாண்டிய ஆண்களுக்கு நெஞ்சைவிட இந்த அளவுதான் முக்கியம், கொடுத்த சேட் போடாமல் கிடப்பதற்கு அநேகமாக இதுவே காரணமாக இருக்கும். மூன்றாவது தோள், சேட்டைத் திருப்பி முதுகுப் பக்கத்தில் ஒரு தோள்மூட்டுத் தையலிலிருந்து மற்றதுவரை. நான்காவது நீளம், பின்பக்கம் கொலர் சேரும் தையலின் நடுவிலிருந்து கீழ் விளிம்புவரை. முழுக்கைச் சேட் என்றால் தோள்த் தையலிலிருந்து கைமணிக்கட்டுப் பட்டிவரை ஐந்தாவதாக ஒன்றையும் எடுங்கள். ரை கட்டுகிறவராக இருந்தால் மட்டும் கொலரை விரித்துத் தெறியின் நடுவிலிருந்து தெறித்துளையின் நடுவரை அளந்து வையுங்கள். மேல்தெறியைப் பூட்டாமல் போடுகிறவருக்குக் கொலர் அளவு அரை அங்குலம் முன்பின் இருந்தாலும் தெரியப்போவதில்லை.

அகலங்களை இரண்டால் பெருக்கிச் சுற்றளவாக மாற்ற வேண்டாம். கடையிலும் சேட்டை விரித்து இதே மாதிரித்தான் அளக்கப் போகிறீர்கள், அதனால் விரித்த அகலமாகவே தாளில் எழுதி வையுங்கள்.

ஆள் வேறு ஊரில் இருந்தால்

வவுனியாவிலோ கொழும்பிலோ கனடாவிலோ இருப்பவருக்கு வாங்கும்போது அந்த வீட்டில் ஒருவரை இரகசியத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வீட்டில் அளவு நாடா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஏ4 தாள் இருந்தால் போதும். அதன் நீண்ட பக்கம் எங்கே வாங்கினாலும் 29.7 சென்ரிமீற்றர்தான். கனடாவில் வீடுகளில் வழக்கமாக இருப்பது ஏ4 அல்ல, லெட்டர் தாள், அதன் நீண்ட பக்கம் 27.9 சென்ரிமீற்றர், ஆகவே எந்தத் தாள் என்று கேட்டுவிடுங்கள். சேட்டை விரித்து, அதன் மேலேயே நெஞ்சுக்கு நடுவில் தாளை வைத்து, ஃபோனை நேர் மேலே பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சரிவாகப் பிடித்தால் கிட்ட இருக்கும் பக்கம் பெரிதாகத் தெரிந்து கணக்குப் பிசகும். தாளின் நீண்ட பக்கங்கள் இரண்டும் ஒரே நீளமாகவும், குறுகிய பக்கங்கள் இரண்டும் ஒரே நீளமாகவும் படத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த கோண்டாவில் பிள்ளை ஒருத்தி வவுனியாவில் இருக்கும் அத்தானுக்குப் பிறந்தநாள் சேட் எடுத்த கதையைச் சொல்கிறேன், இந்த முறையின் எல்லாப் படிகளும் அதில் இருக்கின்றன. அக்காவுக்கு வட்ஸ்அப்பில், "அக்கா, அத்தான் அடிக்கடி போடுற நீலச் சேட்டைக் கட்டில்ல விரிச்சு, நடுவில ஒரு ஏ4 தாளையும் வச்சு, கட்டில்ல ஏறி நிண்டு நேர மேலயிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்று குரல் செய்தி போட்டாள். படம் வந்ததும் ஃபோன் திரையில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தாள். தாளின் நீண்ட பக்கம் 5.4 சென்ரிமீற்றர், கமக்கட்டுக்குக் கமக்கட்டு 10.2 சென்ரிமீற்றர். 10.2ஐ 5.4ஆல் வகுத்து 29.7ஆல் பெருக்கினால் 56 சென்ரிமீற்றர், அதாவது 22 அங்குலம். இதே கணக்கில் வயிறு ஏறத்தாழ 21¾, தோள் 18½ அங்குலம் வந்தது. திரையில் அளப்பதால் கால் அங்குலம் அளவுக்குப் பிழை வரலாம், சேட்டுக்கு அது தாங்கும்.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விருப்பமான சேட் என்பதால் அது பொருத்தமான சேட் என்றாகிவிடாது, அவர் அதைப் போட்டிருக்கும் படம் ஒன்றையும் பார்க்க வேண்டும். தெறியிலிருந்து இரண்டு பக்கமும் குறுக்காகக் கோடுபோல் சுருக்கம் ஓடினால், அல்லது இரண்டு தெறிகளுக்கு நடுவில் துணி வாய் பிளந்து நின்றால், அந்த இடம் இறுக்கம், விரித்த அகலத்தில் அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். தோள்த் தையல் தோள் எலும்பைத் தாண்டிக் கையில் இறங்கி நின்றால் சேட் பெரிது, தோளில் முக்கால் அங்குலம் குறைக்கலாம். இந்த அத்தானுக்கு ஒரு கலியாண வீட்டுப் படத்தில் வயிற்றுத் தெறியடியில் சுருக்கம் இருந்தது. ஆகவே வயிற்றுக்கு 22¼ என்று மாற்றி எழுதினாள். நெஞ்சு 22, தோள் 18½, வயிறு 22¼. இந்த மூன்று எண்களையும் கைப்பையில் ஒரு அளவு நாடாவையும் கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனாள்.

கடையில்

அவளுக்கு நிறம் பிடித்த சேட்டுகள் மூன்று. மூன்றும் சுத்தப் பருத்தி, அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது. பெட்டியிலிருந்து எடுத்து, ஊசிகளைக் கழற்றி, விரித்து அளக்கலாமா என்று முதலே கேட்டுவிட வேண்டும். அமைதியான நேரத்தில் போய்க் கேட்டால் அநேகம் பேர் மறுக்கமாட்டார்கள், தீபாவளிக்கு முதல் இரண்டு நாளும் போனால் யாருக்கும் அதற்கு நேரம் இருக்காது.

42 என்று போட்ட ஸ்லிம் சேட்டில் நெஞ்சு 21½, வயிறு 20. உடனே ஒதுக்கியாயிற்று, லேபிளை மட்டும் பார்த்திருந்தால் இதுதான் பொதியில் போயிருக்கும். 15½ கொலர்ச் சேட்டில் நெஞ்சு 22¼, வயிறு 22, தோள் 18½. பார்த்தால் அப்படியே பொருத்தம். 16 கொலர்ச் சேட்டில் நெஞ்சு 23, வயிறும் 23, தோள் 19¼. கொஞ்சம் பெரிது.

அவள் எடுத்தது 16. காரணம் பருத்தி. அத்தானின் நீலச் சேட் நூறு தடவை தோய்த்துச் சுருங்கி முடிந்தது, கடையில் இருப்பது இன்னும் தண்ணீர் காணாதது. சுத்தப் பருத்தி முதல் சில தோய்ச்சலில் நூற்றுக்கு மூன்று, சிலவேளை ஐந்து வீதம்வரை சுருங்கும். மூன்று வீதம் என்று வைத்துப் பார்த்தால் 15½ சேட்டின் வயிறு 22இலிருந்து 21¼க்குப் போய்விடும், அதாவது இப்போது இறுகும் நீலச் சேட்டைவிடவும் இறுக்கம். 16 சேட்டின் நெஞ்சும் வயிறும் 22¼க்கு வரும், தோள் 18½ஐத் தாண்டிக் கொஞ்சம் நிற்கும். தேவையான எண்கள் அப்படியே. பொலியெஸ்ரர் கலந்த துணியாக இருந்திருந்தால் சுருக்கம் பெரிதாக இருக்காது, அப்போது 15½ஐயும் 16ஐயும் வைத்து யோசிக்கலாம், அதிலும் வயிறு குறையாத பக்கம்தான் நான் நிற்பேன். உள்ளே தைத்திருக்கும் சின்னத் துண்டில் துணியின் விபரம் இருக்கும், இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். நீளத்தில் பருத்தி இன்னும் கூடுதலாகச் சுருங்குவது வழக்கம், அதனால் நீளம் ஒரு அங்குலம் கூட இருப்பதைக் குறையாக எடுக்காதீர்கள்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் பெரியதுதான், ஆனால் தோள் ஒத்துப்போகும்வரைதான். பக்கத் தையலை உள்ளே பிடித்து இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு அங்குலம்வரை ஒடுக்குவது, நீளத்தைக் குறைப்பது எல்லாம் எந்தத் தையல்காரரும் விரைவில் செய்துதரும் வேலை. தோளையும் கொலரையும் சரிசெய்வதென்றால் சேட்டையே பிரிக்க வேண்டும், யாரும் அதை விரும்பிச் செய்யமாட்டார்கள். சின்னச் சேட்டைப் பெரிதாக்கத் துணியே இருக்காது. நம்மூர் வெக்கைக்குக் கொஞ்சம் தளர்ந்த பருத்திச் சேட்டை யாரும் குறை சொல்வதுமில்லை.

அளக்க ஒரு சேட்டும் கிடைக்காவிட்டால்

புது மருமகன், வேலையிடத்து அண்ணன், ஃபோனில் மட்டும் பேசுகிற மச்சான், இப்படிப்பட்டவர்களுக்கு உயரத்தையும் உடம்பையும் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். இங்கே நினைவில் வைக்க வேண்டியது, உயரம் நீளங்களை மட்டும்தான் சொல்லும், சேட்டின் நீளம், கையின் நீளம், காற்சட்டையின் நீளம். நெஞ்சையும் வயிற்றையும் சொல்வது உடம்பு. நெட்டையான மெலிந்த ஆளுக்கு "நல்ல உயரம், எக்ஸ்எல் எடுப்பம்" என்று எடுத்தால் அகலத்தில் இரண்டு பேர் போகலாம்.

உயரத்துக்கு, உங்களுக்கு உயரம் தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் படம் ஒன்று தேடுங்கள். இருவரும் நிமிர்ந்து, ஒரே தரையில், கமராவுக்கு ஒரே தூரத்தில் நிற்க வேண்டும், முன்னால் நிற்பவர் எப்போதும் உயரமாகத் தெரிவார். உடம்புக்கு, கிலோ தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் ஒப்பிடலாம். நான் தோராயமாக வைத்திருக்கும் கணக்கு இது: 5 அடி 7 அங்குல உயரமுள்ள ஆண் 65 கிலோ என்றால் உடம்பின் நெஞ்சுச் சுற்று ஏறத்தாழ 36 அங்குலம், அதே உயரத்தில் ஒவ்வொரு பத்துக் கிலோவுக்கும் இரண்டரையிலிருந்து மூன்று அங்குலம் கூடும். அதோடு சேட்டின் தளர்வு ஐந்து அங்குலத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் கடையில் தேட வேண்டிய விரித்த அகலம் வந்துவிடும். 65 கிலோக்காரருக்கு 36உம் 5உம் 41, பாதி 20½. 75 கிலோக்காரருக்கு ஏறத்தாழ 22. ஜிம்முக்குப் போகிறவருக்கு நெஞ்சு இதைவிடக் கூடும், வயிறு குறையும். வண்டி வைத்தவருக்கு மாறாக வரும், அவருக்கு நெஞ்சை விட்டுவிட்டு வயிற்று அகலத்தை நெஞ்சகலத்துக்குக் குறையாமல் எடுங்கள், ஸ்லிம் வெட்டுப் பக்கமே போக வேண்டாம்.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. உங்கள் தம்பியோ பக்கத்து வீட்டு அண்ணாவோ அவரைப்போல உடம்புள்ளவராக இருந்தால் அந்த ஆளின் சேட்டை அளந்து, "இவரைவிட வயிறு கொஞ்சம் கூட" என்று அரை அங்குலம் திருத்தி எடுப்பது. காற்சட்டை, ஜீன்ஸ் இந்த வழியில் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன், இடுப்பு ஒரு அங்குலம் பிழைத்தாலும் போட முடியாது. நல்லூர்த் திருவிழாவுக்கென்று கொடுப்பதாக இருந்தால் வேட்டியே போதும், ஆண்கள் கோயிலுக்குள் மேலாடை இல்லாமல்தான் போகிறார்கள், அளவுப் பிரச்சினையும் இல்லை.

பெண்களுக்குப் பஞ்சாபி எடுக்கும்போது

முறை அதேதான், பிழைக்கும் இடம் வேறு. விருப்பமான பஞ்சாபியின் மேற்சட்டையை விரித்து மார்பு அகலத்தோடு கையின் மேல்ப்பகுதி அகலத்தையும் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள், கமக்கட்டுக்குக் கீழே கை எவ்வளவு அகலம் என்று. மார்பு சரியாக இருந்தும் கை இறுகுவதால் கைவிடப்படும் பஞ்சாபிகள் ஏராளம். மேற்சட்டையின் பக்க வெட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள், அந்த இடத்தின் அகலம் குறைந்தால் இடுப்பில் ஏறி நிற்கும். வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு அங்குலம் விட்டிருந்தால் பிறகு பிரித்துப் பெருப்பிக்கலாம், மெஷினில் ஓரம் வெட்டித் தைத்திருந்தால் முடியாது. இரண்டு உடுப்பும் ஒரே விலை என்றால் துணி விட்டிருப்பதை எடுங்கள்.

காசு கொடுக்க முதல்

"சரிவராட்டி மாத்தித் தருவியளோ, எத்தினை நாளைக்குள்ள?" என்று கேட்டு, அதைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். காசாகத் திருப்பித் தருவது அரிது, அளவு மாற்றித் தருவது வழக்கம், ஆனால் அதே சேட்டின் அடுத்த அளவு அப்போது இருக்க வேண்டும். அதனால் ஒன்று பெரியது கடையில் இன்னும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். விலைத்துண்டைக் கழற்றலாம், அளவுத் துண்டைக் கழற்ற வேண்டாம், மாற்றும்போது கேட்பார்கள். பில்லைப் பொதிக்குள் வைக்காமல் நீங்களே வைத்திருங்கள், வெளிநாட்டுக்குப் போகும் பொதி என்றால் மாற்றும் வழியே இல்லை என்று கணக்கெடுத்து, சந்தேகமுள்ள இடத்தில் ஒரு அளவு கூட எடுங்கள்.

கொடுத்த பிறகு, அவர் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தோள்த் தையல் எங்கே நிற்கிறது, வயிற்றுத் தெறியடியில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்து, வாங்கிய சேட்டின் விரித்த அளவுகளுக்குப் பக்கத்தில் அவருடைய பெயரோடு ஃபோனில் குறித்து வையுங்கள். அடுத்த தடவை அக்காவைக் கட்டிலில் ஏற்றிப் படம் எடுக்க வைக்கத் தேவையில்லை.